வயதுக்கு ஐந்து புள்ளி

மனோர் பார்க்
3 பெப்ரவரி 2025

அன்புள்ள மாலினி மச்சாளுக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வேறு யாரும் சொல்லிக் கேள்விப்படுவதைவிட என் வாயால் கேட்பது நல்லது. பெரியாட்களுக்கான சரித்திர வகுப்பில் ஐந்துக்கு ஐந்து எடுத்த அந்தப் பேப்பரை ஒன்பது நாளாகக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு திரிகிறேன். முருகன் கோயிலில் பிரசாத வரிசையில் நின்ற நாலு பேருக்குக் காட்டினேன். காஸ் மீட்டர் பார்க்க வந்த பொடியனுக்கும் காட்டினேன். அவன் பாவம், அதைப் பில் என்று நினைத்துப் பெயரைச் சரிபார்த்தான்.

உங்களுக்கு மட்டும் காட்டவில்லை. நீங்கள்தான் பக்கத்துக் கதிரையில் இருந்து நேரே பார்த்தீர்களே.

போனில் என்னைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று என் வீட்டுக்காரர், உங்கள் தம்பி, சொன்னார். "அக்கா கோவமா இருக்கிறா, கொஞ்ச நாள் விடும்" என்றார். உங்கள் தம்பிக்கு எதையும் கொஞ்ச நாள் விட ஏலும். எனக்கு ஏலாது. அதனால்தான் முத்திரை ஒட்டி எழுதுகிறேன். தோர்ண்டன் ஹீத்துக்கு வரும் தபாலையும் தடுக்கிற பட்டன் இன்னும் வரவில்லை என்று நினைக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஹெலன் மிஸ் வெள்ளிக்கிழமை போன் எடுத்தா. நான் எழுதிய பதில் என்னுடையது இல்லை, இன்னொருவரின் கொப்பியைப் பார்த்து எழுதியது என்று வகுப்பில் ஒருவர் முறையிட்டிருக்கிறாராம். அதை ஒரு படிவத்தில் பதிந்தாயிற்றாம். தீர்க்கும்வரை 22ஆம் திகதிச் சோதனையில் என்னை இருத்த முடியாதாம். மிஸ்ஸின் குரலே இறங்கிப்போயிருந்தது. ஆளின் பெயரைச் சொல்லவில்லை.

அது நீங்களா என்று நான் கேட்கவில்லை மச்சாள். வகுப்பில் பதினொரு பேர். ஒன்பது பேரின் கொப்பி இங்கிலீஷில் இருக்கிறது. அதைப் பார்த்து எழுதுகிற அளவுக்கு எனக்கு வேகமாக வாசிக்க வராது. பத்தாவது என்னுடையது, அதில் பாதி படம் கீறியிருக்கிறேன். மிச்சம் ஒரு கொப்பி. அது தமிழில், முத்து முத்தான எழுத்தில் இருக்கிறது. ஆரென்று ஊகிக்க ஏழாம் வகுப்புப் படிப்பே போதும்.

எனக்கு இந்தச் சோதனை வேண்டும். பகிடிக்குச் சொல்லவில்லை. ஐம்பத்தொரு வயதில் என் பெயர் போட்ட சோதனைச் சான்றிதழ் ஒன்றுகூட என்னிடம் இல்லை. ஏழாம் வகுப்பு ஆண்டிறுதிச் சோதனைக்குப் பேனை வாங்கி வைத்திருந்தேன், அந்தக் கிழமை பள்ளிக்கூடம் பூட்டினார்கள், பிறகு எனக்குத் திறக்கவில்லை. அவ்வளவுதான்.

பதில் போடுங்கோ. திட்டியாவது போடுங்கோ.

உங்கள் மச்சாள்
நகுலேஸ்வரி


தோர்ண்டன் ஹீத்
6 பெப்ரவரி 2025

நகுலாவுக்கு,

உமது கடிதம் கிடைத்தது. ஓம், முறையிட்டது நான்தான். மறைக்க வேண்டிய தேவை எனக்கு இல்லை.

மிஸ் கேட்டது சின்னக் கேள்வி. "1833ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஒன்பது வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைத் துணி ஆலைகளில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. அதன் பிறகும் அப்படிப்பட்ட பிள்ளைகள் வேலை செய்தார்கள். ஏன்? ஐந்து வரிக்குள் எழுதுக." நான் எழுதியதில் ஒரு பிழை இருக்கிறதா, நீரே சொல்லும். முழு நாட்டுக்கும் நாலே நாலு இன்ஸ்பெக்டர்கள். வழக்குக் கேட்கிற நீதவான்களில் பலர் ஆலை முதலாளிகள், அல்லது அவர்களின் உறவுக்காரர். குற்றப்பணம் முதலாளிக்குக் கடிபடாத அளவு சின்னது. எல்லாம் புத்தகத்தில் இருப்பது, எல்லாம் சரி. எனக்குத் தந்தது மூன்று.

நீரோ, முதல் நாள் வகுப்பில் "மில்" என்றதும் அரிசி ஆலையென்று நினைத்து, பிள்ளைகள் உமி புடைத்தார்களா என்று மிஸ்ஸிடம் கேட்ட ஆள். 1802இல் ஒரு சட்டம், 1819இல் ஒரு சட்டம் வந்ததும், பார்க்க ஆள் இல்லாததால் இரண்டும் கடதாசியோடு நின்றதும், 1833இல்தான் சம்பளத்துக்கு இன்ஸ்பெக்டர்களை வைத்தார்கள் என்பதும் உமக்கு நான் தேத்தண்ணி இடைவேளையில் சொல்லித் தந்தவை. ஒன்பதிலிருந்து பதின்மூன்றுக்குள் நாளுக்கு ஒன்பது மணிநேரம், கிழமைக்கு நாற்பத்தெட்டு. பதினெட்டு வரை நாளுக்குப் பன்னிரண்டு. சின்னப் பிள்ளைகளுக்குத் தினமும் இரண்டு மணிநேரம் படிப்பு. இதெல்லாம் உம்மை மூன்று தரம் சொல்ல வைத்தவள் நான். அந்த நீர் ஐந்து எடுக்கிறீர். மிஸ் எழும்பி நின்று அதை வாசிக்கிறா. எல்லாரும் கை தட்டுகிறார்கள்.

நீர் எழுதிய டாக்டர் சான்றிதழ் விஷயம் என் கொப்பியில் இருபத்தோராம் பக்கத்தில் இருக்கிறது. நீர் என் இடது பக்கத்தில் இருந்தீர். வேறு எங்கிருந்து வந்திருக்கும்?

இன்னொன்று. உமது கடைசி வரி. "வளர்ந்த அக்காவை டாக்டருக்குக் காட்டிக் கையெழுத்து வாங்கினார்கள், அந்தக் கடதாசியில் சின்னத் தங்கச்சி வேலைக்குப் போனாள்." அது ஆரைப் பற்றியது? பதினொரு பேருக்கு முன்னால் ஆரைப் பற்றி எழுதினீர்? எனக்கு விளங்காது என்று நினைத்தீரா?

மாலினி


மனோர் பார்க்
10 பெப்ரவரி 2025

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். முதல் தரம் கோபம் வந்தது. இரண்டாம் தரம் கடைசிப் பந்தி விளங்கவில்லை. மூன்றாம் தரம் விளங்கியது, குசினிக் கதிரையில் இருந்து கண்ணால் தண்ணி வரச் சிரித்தேன். உங்கள் தம்பி என்னவென்று கேட்டார். சொல்லவில்லை. சொன்னால் அவர் உங்களுக்குப் போன் எடுத்துச் சமாதானம் பேசி எல்லாவற்றையும் குழப்பிவிடுவார்.

மச்சாள், அது மான்செஸ்டர் பக்கத்துப் பிள்ளைகளைப் பற்றியது. செத்து நூற்றைம்பது வருஷமான பிள்ளைகள். உங்கள் பாஸ்போர்ட்டைப் பற்றி இல்லை.

முப்பது வருஷத்துக்கு முதல் ஏஜென்ட் உங்களுக்கு ஒன்றுவிட்ட தங்கச்சியின் பிறந்த திகதியைப் போட்டு இந்த நாட்டுக்கு அனுப்பினான், நீங்கள் 69இல் பிறந்து 74இல் பதிந்தவர் என்பது எனக்குத் தெரியும். வீட்டில் எல்லாருக்கும் தெரியும். வருஷத்தில் இரண்டு தரம் உங்களுக்குக் கேக் வெட்டுகிறோமே. ஆனால் பேனை பிடித்த நேரம் அது என் நினைவில் வரவே இல்லை. வந்திருந்தால் இன்னும் நன்றாக எழுதியிருப்பேன்.

எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்கள். மிஸ் தந்த படத்தாளின் பின்பக்கத்தில் இருந்து வந்தது. நீங்கள் எழுத்துள்ள பக்கத்தை மட்டும் கோடு கீறி வாசிப்பீர்கள். எனக்கு எழுத்து களைப்பு, நான் படம் பார்க்கிற ஆள். ஒரு பிள்ளை வாயை ஆவென்று திறந்து நிற்கிறது, டாக்டர் விரலை உள்ளே விட்டுப் பார்க்கிறார். இதென்ன பல்லு டாக்டரா என்று மிஸ்ஸிடம் கேட்டேன். இல்லை, வயது பார்க்கிறார் என்றா.

இந்த நாட்டில் 1837 வரைக்கும் அரசாங்கம் பிறப்புப் பதியவில்லையாம். அப்போ பிள்ளைக்கு ஒன்பது என்று எதை வைத்துச் சொல்லுவது? அக்கம்பக்கத்து டாக்டர் யாராவது பார்த்து, "ஒன்பது வயதுப் பிள்ளைக்குள்ள உடம்பும் தோற்றமும் இருக்கிறது" என்று ஒரு துண்டு எழுதிக் கொடுத்தால் சரி. சிலர் உயரத்தை அளந்தார்கள். பிறகு பல்லைப் பார்க்கலாம் என்று ஒரு பல்லு டாக்டர் சொன்னார். இரண்டாவது கடைவாய்ப்பல் வந்திருந்தால் பதின்மூன்று. டாக்டருக்குக் காசு முதலாளியிடம் இருந்து வரும், பிள்ளையின் கூலி தாய்தகப்பனுக்குப் போகும். பிள்ளை சின்னன் என்று சொல்ல அங்கே ஆருக்கு அவசரம்? துண்டில் முகம் இல்லை, படம் இல்லை. அக்காவைக் கூட்டிக்கொண்டு போய் வாங்கி, தங்கச்சியின் கையில் கொடுத்து அனுப்பலாம். நாலு இன்ஸ்பெக்டர் இல்லை, நாற்பது பேர் வந்தாலும் துண்டைத்தானே பார்ப்பார்கள்? அதைத்தான் எழுதினேன். என் இங்கிலீஷில் வினைச்சொல் எல்லாம் ஒரே காலத்தில் நின்றது, மிஸ் அதைத் திருத்தவில்லை.

இதை விளங்க எனக்கு உங்கள் கொப்பி தேவையில்லை மச்சாள். நான் இங்கே வர முதல் சுவிஸில் இருந்தேன் அல்லவா. போய் இறங்கியபோது எனக்குப் பதினேழு. அதிகாரிகள் நம்பவில்லை. என் கையை எக்ஸ்ரே எடுத்து, எலும்பைப் பார்த்து, ஒரு டாக்டர் பத்தொன்பது என்று எழுதினார். நல்ல மனுசன், டொபி ஒன்று தந்தார். ஒரே மத்தியானத்தில் இரண்டு வருஷம் வளர்ந்தேன். பிள்ளைகள் விடுதியில் இருந்து எடுத்துப் பெரிய ஆட்களோடு போட்டார்கள். அதில் இருந்து என் எல்லாக் கடதாசியிலும் 72தான்.

இப்போ கணக்குப் பாருங்கோ. நான் 72, நீங்கள் 74. காகிதப்படி நான்தான் மூத்தவள். உங்கள் தம்பி 71, ஆகவே அவருக்கு நீங்கள் தங்கச்சி. இனி நீங்கள்தான் எங்களுக்கு மரியாதை தர வேண்டும், கதிரை தந்துவிட்டு எழும்பி நிற்க வேண்டும்.

பகிடி போதும். நீங்கள் வெளிப்படையாக எழுதினீர்கள், நானும் எழுதுகிறேன். எங்கள் வீட்டு முன்னறையில், டிவிக்கு மேலே, நீங்கள் ஏ.எல். சோதனை பாஸ்பண்ணிப் பரிசு வாங்குகிற படம் இருக்கிறது. இருபத்தாறு வருஷமாக அதைத் துடைக்கிறேன். கண்ணாடியில் ஒரு புள்ளி அழுக்கு இருந்தாலும் உங்கள் தம்பி கண்டுபிடிப்பார். என் படத்தில் சிலந்தி குடியிருந்தாலும் அவருக்குத் தெரியாது. பிள்ளைகள் புள்ளி குறைய எடுத்தால் "மாமியைப் பாருங்கோ" என்பார், என்னைப் பார்க்கச் சொன்னதில்லை. நீங்கள் சிவப்புப் பேனையால் கோடு கீறுகிற விதத்தைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். வகுப்பில் சேர்ந்ததே அதற்காகத்தான். நீங்கள் சேர்ந்தீர்கள் என்று கேள்விப்பட்ட அடுத்த நாளே பெயர் கொடுத்தேன். சரித்திரம் என்றே தெரியாது, தையல் என்றாலும் சேர்ந்திருப்பேன்.

ஆகவே உங்கள் எரிச்சல் எனக்கு விளங்குகிறது. ஆனால் மச்சாள், நான் எரிந்தபோது படத்தைத் துடைத்தேன். நீங்கள் படிவம் நிரப்பினீர்கள்.

22க்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது.

நகுலேஸ்வரி


தோர்ண்டன் ஹீத்
15 பெப்ரவரி 2025

அன்புள்ள நகுலாவுக்கு,

இதை எழுத மூன்று தாள் கிழித்தேன்.

உமது படத்தாள் கதையை முதலில் நம்பவில்லை. என்னுடைய தாளை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். படம் இருந்தது. நாலு மாதமாக அது என் கோப்பில் கிடந்திருக்கிறது, நான் அந்தப் பக்கத்தைத் திருப்பவே இல்லை.

இனி நான் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். பிறகு இதைப் பற்றி வீட்டில் கதைக்கக் கூடாது. டாக்டர் துண்டு விஷயம் எனக்கும் தெரியும். மிஸ் வாயால் சொன்னதைக் கேட்டு இருபத்தோராம் பக்கத்தில் எழுதியது நானேதான். கேள்வியைக் கண்டவுடன் முதலில் மனதில் வந்ததும் அதுதான். "வயதுக் கடதாசி" என்று ஒரு சொல் எழுதினேன். கை நின்றுவிட்டது. கவுன்சில் வகுப்பு, கவுன்சில் டீச்சர். பொய் வயதைப் பற்றி இவ்வளவு தெரிந்த இந்த மனுசி ஆர் என்று மிஸ் நிமிர்ந்து பார்த்தால்? வகுப்பில் சேர்ந்தபோது என் பாஸ்போர்ட்டின் பிரதி எடுத்து வைத்திருக்கிறாவே. பைத்தியக்காரப் பயம்தான். முப்பது வருஷம் வரி கட்டிய நாடு. ஆனாலும் அந்தச் சொல்லை வெட்டிவிட்டு இன்ஸ்பெக்டர், நீதவான், குற்றப்பணம் என்று எழுதி முடித்தேன்.

ஐந்து நிமிஷம் கழித்து நீர் அதையே, ஒரு பயமும் இல்லாமல், கோணல் எழுத்தில் எழுதிவைக்கிறீர். எல்லாரும் கை தட்டுகிறார்கள். நான் எழுதப் பயந்த பதிலுக்கு உமக்குக் கைதட்டு. பொறுக்க முடியவில்லை. கொப்பியைப் பார்த்து எழுதினீர் என்று சொன்னபோது அதை நானே நம்பினேன். வீட்டுக்குப் போகும் ரயிலில், நோர்வுட் ஜங்ஷன் தாண்ட முதலே நம்பிக்கை போய்விட்டது. ஆனால் படிவத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று.

வியாழக்கிழமை மிஸ்ஸைப் போய்ப் பார்த்தேன். முறைப்பாடு பொய், பொறாமையில் செய்தது என்று இங்கிலீஷில் சொன்னேன். பொறாமை என்ற சொல்லை அவவுக்கு இரண்டு தரம் சொல்ல வேண்டி வந்தது. படிவத்தைக் கிழிக்க அவவுக்கு அனுமதி இல்லையாம். ஆனால் 22ஆம் திகதி காலை சோதனைக்கு முதல், உம்மை ஒரு தனியறையில் இருத்தி, வாயால் ஒரு சின்னக் கேள்வி கேட்பாவாம். சொன்னால் உள்ளே விடுவா. சொல்லாவிட்டால் விடமாட்டா. அவ்வளவுதான் என்னால் வாங்க முடிந்தது.

என்ன கேட்பா என்று தெரியாது. 1844ஐக் கேட்கலாம் என்பது என் ஊகம். படித்துக்கொண்டு போம். அந்தச் சட்டம் இயந்திரங்களுக்கு வேலி போடச் சொன்னது. பெண்களையும் பன்னிரண்டு மணிநேரத்துக்குள் கொண்டுவந்தது. பிள்ளைகளுக்கு அரைநாள் வேலை, ஆறரை மணிநேரம், மிச்சம் பள்ளிக்கூடம். சான்றிதழ் கொடுக்கிற டாக்டரை இன்ஸ்பெக்டரே நியமித்தார். படம் பார்த்துப் படிப்பதென்றாலும் சரி, படியும்.

தம்பிக்குப் போன் எடுத்து அந்த ஏ.எல். படத்தைக் கழற்றச் சொன்னேன். மாட்டேன் என்கிறான். கழற்றினால் சுவரில் ஒட்டிய தாள் அந்த இடத்தில் மட்டும் நிறம் மாறித் தெரியுமாம்.

எரிச்சல் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். உமது ஐந்து இன்னும் எனக்குள் குத்திக்கொண்டுதான் இருக்கிறது. 22ஆம் திகதி சோதனையில் என்னைவிட அதிகம் எடுத்தால் ஒரு கிழமைக்கு என்னோடு கதைக்க வேண்டாம். ஆனால் வந்து எழுதும்.

மாலினி

போனில் தடுத்ததை எடுத்துவிட்டேன். ஆனாலும் கடிதமே போடும். கடிதத்தில் நீர் குறுக்கே கதைப்பதில்லை.


மனோர் பார்க்
24 பெப்ரவரி 2025

அன்புள்ள மச்சாளுக்கு,

சனிக்கிழமை சோதனை முடிந்ததும் நீங்கள் ரயிலுக்கு ஓடிவிட்டீர்கள். அந்தத் தனியறையில் என்ன நடந்தது என்று கேட்கவுமில்லை. கேட்க விருப்பம் இருந்ததைக் கண்ணில் கண்டேன். ஆகவே ஒழுங்காக எழுதுகிறேன்.

போகும் வழி முழுக்க லிவர்பூல் ஸ்ட்ரீட் வரைக்கும் 1844, 1844 என்று முணுமுணுத்துக்கொண்டு போனேன். ரயிலில் எதிரில் இருந்த ஒரு அம்மா இடம் மாறி இருந்தா.

அறையில் மிஸ்ஸும், அலுவலகத்தில் இருந்து வந்த ஒரு மனுசனும். அவருக்கு முன்னால் அந்தப் படிவம். உங்கள் கையெழுத்துத் தலைகீழாகத் தெரிந்தது. தலைகீழாகவும் முத்துப் போல இருந்தது. அந்த நேரத்திலும் ஒரு சின்ன எரிவு.

மிஸ் கேட்டா: 1833 சட்டத்தில் வயது பார்க்கிற விதத்தில் இருந்த ஓட்டையைப் பிறகு எப்படி அடைத்தார்கள், அது அடைபட்டதா?

முதலில் பிறப்புப் பதிவைச் சொன்னேன். அது 37இல் தொடங்கியது. ஆனால் அந்த வருஷம் பிறந்த பிள்ளைக்கு ஒன்பது வர 46 ஆகும். அதுவரைக்கும் ஆலைவாசலில் நிற்கிற பிள்ளைக்குப் பதிவு ஏது? விரலில் எண்ணிக் காட்டினேன். மனுசன் தன் பேனையை வைத்துவிட்டு என் விரலைப் பார்த்தார். பிறகு உங்கள் 44. டாக்டரை இன்ஸ்பெக்டர் நியமித்தார், டாக்டர் ஆலைக்கே வந்து பிள்ளையை நேரில் பார்த்துத்தான் துண்டு எழுத வேண்டும். ஆகவே அக்காவைக் கூட்டிக்கொண்டு பக்கத்து ஊர் டாக்டரிடம் போகிற வேலை குறைந்தது. அடைபட்டதா என்றால், பாதி. ஏனென்றால் அதே சட்டம் ஒன்பது வயதை எட்டாக இறக்கியது. "முதல் தாய்தகப்பன் ஒரு வயது கூட்டிச் சொல்லிச்சினம், பேந்து சட்டமே ஒரு வயதைக் குறைச்சுக் கொண்டுவந்து அவையளுக்குப் பக்கத்தில நிண்டுது" என்பதை இங்கிலீஷில் சொல்லப் பார்த்தேன். பாதி கையால் சொன்னேன். அரைநாளாவது பள்ளிக்கூடத்தில் இருந்தார்களே என்று மிஸ் கேட்டா. ஓம், அந்த அரைநாளுக்கு நான் சண்டை பிடிக்க மாட்டேன் என்றேன்.

மனுசன் படிவத்தில் "முறைப்பாடு தள்ளுபடி" என்று எழுதினார். மிஸ் எனக்கு அதை லேசான இங்கிலீஷில் திருப்பியும் சொன்னா, பிழையாக விளங்கிவிடக் கூடாது என்று. பிறகு அவர், படிவத்துக்காக இல்லை, தன் ஆசைக்காக ஒன்று கேட்டார். பல்லைப் பார்த்து எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று.

அதற்கு முதல் உங்கள் விஷயம். சோதனையில் நீங்கள் என்ன எழுதினீர்கள் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. மிஸ் என்னை அறையின் மற்ற மூலையில், சுவரைப் பார்த்து இருத்தினா. ஆனால் கடைசி அரைமணியில் உங்கள் பக்கத்தில் இருந்து பேனை நிற்காமல் ஓடுகிற சத்தம் கேட்டது. வயதுக் கடதாசியை இந்த முறை வெட்டாமல் எழுதினீர்கள் என்று நினைக்கிறேன். நல்லாய் எழுதியிருப்பீர்கள். அதை நினைக்க எனக்கு இப்பவே பொறாமையாக இருக்கிறது. மறுமொழி ஏப்ரலில். உங்களுக்கு என்னைவிட அதிகம் வந்தால் ஒரு கிழமை நானும் கதைக்க மாட்டேன், ஒப்பந்தம் இரண்டு பக்கமும் இருக்கட்டும். படத்தை நானும் கழற்ற விடவில்லை. பக்கத்தில் ஒரு ஆணி மட்டும் அடித்து வைத்திருக்கிறேன்.

பல்லு விஷயம். வாயால் விளங்கப்படுத்த இங்கிலீஷ் போதவில்லை. ஆகவே வாயைத் திறந்து, இரண்டாவது கடைவாய்ப்பல் எதுவென்று விரலால் தொட்டுக் காட்டினேன். அந்தப் பல்லுக்குப் போட்டிருந்த மூடி கழன்று படிவத்தின் மேல் விழுந்தது. மனுசன் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். மிஸ் டிஷ்யூவில் சுற்றித் தந்தா. சோதனையை நாக்கால் ஓட்டையை மூடிக்கொண்டு எழுதினேன். டென்டிஸ்ட் செவ்வாய்க்கிழமை பத்தரைக்கு. பதிய முதல் பிறந்த திகதி கேட்டார்கள்.

நகுலேஸ்வரி